அரைக்கோளத்தில் கூம்புக் குழி: பிழையான விடை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இருந்து வந்தது?

திண்ம அரைக்கோளத்தில் கூம்பு வடிவில் ஒரு குழி. மீதி உடலின் புவியீர்ப்பு மையம் எங்கே? உயர்தர இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இந்த வினாவை ஏதோ ஒரு உருவத்தில் சந்தித்திருப்பார்கள். விடை பொருந்தவில்லை என்றதும் பலர் முழுக் கணக்கையும் குறுக்கே அடித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறார்கள். அதே பழக்கத்தில் அதே பிழையை மறுபடி செய்து, அதே எண்ணில் வந்து நிற்கிறார்கள்.

அது தேவையில்லை. இந்தக் கணக்கின் அட்டவணையில் பிழை விடக்கூடிய கட்டங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றில் விடும் பிழையும் தனக்கென்று ஒரு எண்ணைத் தரும். ஆகவே வந்த எண்ணை வைத்தே பிழை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். ஒரே கணக்கை எடுத்து, அதில் வழக்கமாக வருகிற பிழையான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## கணக்கும் சரியான அட்டவணையும்

சீரான அடர்த்தியுள்ள திண்ம அரைக்கோளம் ஒன்று. ஆரை 12 சென்ரிமீற்றர், தளமுகத்தின் மையம் O. தளமுகத்தின் முழு வட்டத்தையும் அடியாகக் கொண்டு, 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு செவ்வட்டக் கூம்பு குடைந்து எடுக்கப்படுகிறது. கூம்பின் உச்சி உள்நோக்கி, சமச்சீர் அச்சிலேயே இருக்கிறது. மீதி உடலின் புவியீர்ப்பு மையம் G, O இலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால் நிறைகளுக்குப் பதிலாகக் கனவளவுகளை வைத்தாலே போதும். அடர்த்தியும் g உம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். அரைக்கோளத்தின் கனவளவு (2/3)πr³, கூம்பின் கனவளவு (1/3)πr²h. தூரங்கள் எல்லாம் O இலிருந்து வளைபரப்பை நோக்கி அளக்கப்படுகின்றன. அரைக்கோளத்துக்கு 3r/8, கூம்புக்கு அடியிலிருந்து h/4.

| பகுதி | கனவளவு | விகிதம் | O இலிருந்து தூரம் | பெருக்கம் |
|---|---|---|---|---|
| முழு அரைக்கோளம் | 1152π | 4 | 4.5 | 18 |
| எடுத்த கூம்பு | 288π | 1 | 1.5 | 1.5 |
| மீதி உடல் | 864π | 3 | x | 3x |

O பற்றித் திருப்பம் எடுத்தால் 3x = 18 − 1.5. அதாவது x = 5.5 சென்ரிமீற்றர்.

கனவளவு நிரலுக்குப் பக்கத்தில் விகித நிரல் ஒன்றைத் தனியாக வைப்பதை நான் வற்புறுத்துவேன். 1152π ஐயும் 288π ஐயும் அப்படியே தூக்கிக்கொண்டு போனால் நடுவில் எங்காவது ஒரு π தவறும், அல்லது ஒரு பூச்சியம் கூடும். 4, 1, 3 என்று எழுதிவிட்டால் பிழை வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையின் விகிதம் முதல் இரண்டின் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்ற சோதனையும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

## முதலில் ஜன்னலைப் பாருங்கள்

எந்த விடையையும் ஆராய முன் ஒரு கேள்வி: அது 4.5 க்கும் 6 க்கும் இடையில் இருக்கிறதா?

கீழ் எல்லை எளிது. குழியை எடுக்க முன் மையம் 4.5 இல் இருந்தது. எடுத்த கூம்பின் மையம் O க்குக் கிட்ட, 1.5 இல் இருக்கிறது. முகத்தோடு ஒட்டிய பாரத்தை எடுத்துவிட்டால் மீதியின் மையம் முகத்தை விட்டு விலகித்தான் போகும். ஆகவே x, 4.5 ஐ விடக் கூடியே தீரவேண்டும்.

மேல் எல்லை அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. தளமுகத்தில் அடி இருக்க, அச்சு வழியே உள்ளே போகிற கூம்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? அடியின் ஆரை r ஐத் தாண்டாது, உயரமும் r ஐத் தாண்டாது. குறித்த ஓர் உயரத்துக்கு அடியை அகலமாக்க அகலமாக்க, கூடுதலான பாரம் அதே 1.5 போன்ற தூரத்தில் இருந்து போகிறது, மையம் இன்னும் விலகுகிறது. முழு வட்டத்தையும் அடியாக எடுத்த கூம்புக்குப் பொதுவான விடை

```
x = (3r² − h²) / (4(2r − h))
```

h ஐ 0 இலிருந்து r வரை கூட்டிக்கொண்டு போனால் இது தொடர்ந்து கூடுகிறது. வகையிட்டுப் பார்த்தால் வகையீட்டின் குறி (h − r)(h − 3r) இன் குறியேதான். h < r ஆக இருக்கும்வரை அது நேர். h = 0 இல் 3r/8, h = r இல் r/2. ஆகவே இப்படிப்பட்ட குழி எதற்கும் விடை 3r/8 ஐ விடக் கூட, r/2 ஐ விட மேலே போகாது. நம்முடைய கணக்கில் அதுதான் 4.5 க்கும் 6 க்கும் இடைப்பட்ட ஜன்னல். கூம்பின் அடி சிறியதாக இருந்தாலும் இந்த ஜன்னல் மாறாது.

r/2 என்ற அந்த மேல் எல்லையைச் சூத்திரம் இல்லாமலும் காணலாம். அதைக் கட்டாயம் ஒருமுறை செய்துபாருங்கள். h = r என்று எடுத்து, முகத்திலிருந்து z தூரத்தில் உடலை முகத்துக்குச் சமாந்தரமாக வெட்டுங்கள். அரைக்கோளத்தின் வெட்டு வட்டத்தின் பரப்பு π(r² − z²). குழியின் வெட்டு π(r − z)². கழித்தால் 2πz(r − z) மிஞ்சும். இதில் z க்குப் பதிலாக r − z ஐப் போட்டுப் பாருங்கள். கோவை மாறவே மாறாது. அதாவது முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு துண்டு இருக்கிறதோ, அதே பரப்புள்ள துண்டு உச்சிப் பக்கமிருந்து அதே தூரத்திலும் இருக்கிறது. மையம் சரியாக நடுவில், r/2 இல் வருவதற்கு இதைவிட வேறு நிறுவல் வேண்டாம். தொகையீடு செய்யாமலே கிடைக்கிற இந்த முடிவு எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த ஒன்று.

## அறிகுறி: விடை 4.5 ஐ விடக் குறைவு

இங்கே பிழை குறியில்தான் இருக்கும். எந்தக் குறி என்பதை எண்ணே சொல்லும்.

3.9 வந்திருந்தால் மேலேயும் கீழேயும் கூட்டியிருக்கிறீர்கள்: (18 + 1.5)/(4 + 1). குழியை ஒரு பகுதியாக எடுத்து உடலோடு சேர்த்துவிட்டீர்கள். இந்த எண்ணுக்கும் ஒரு உடல் உண்டு. கூம்பு இருந்த இடம் வெறுமையாக இல்லாமல், அந்த இடம் மட்டும் இரண்டு மடங்கு அடர்த்தியான பொருளால் ஆக்கப்பட்டிருந்தால் மையம் 3.9 இல்தான் இருக்கும். பாரத்தைக் கூட்டியதால் மையம் முகத்தை நோக்கி வந்திருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு நேர்மாறான திசை.

3.3 வந்திருந்தால் பெருக்கங்களைச் சரியாகக் கழித்து, நிறைகளை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள்: 16.5/5. இது இன்னொரு பிரபலமான வினாவின் சரியான விடை. அரைக்கோளத்தின் தளமுகத்தில் அதே கூம்பை வெளியே ஒட்டிய உடல் இருக்கிறதே, விளையாட்டுப் பம்பரம் போல வரைவார்கள், அதன் மையம் O இலிருந்து 3.3 இல் இருக்கும். அங்கே கூம்பின் மையம் O க்கு மறுபக்கம், −1.5 இல் இருப்பதால் தூரத்தின் குறி மறை, நிறைகள் கூடுகின்றன. குழியில் தூரம் நேர், நிறைதான் மறை. இரண்டிலும் மேலே 18 − 1.5 வருவதால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு எளிதாக நடக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, அட்டவணையில் எடுத்த கூம்பின் விகிதத்தை −1 என்று குறியோடு எழுதிவிடுவது. அப்புறம் இரண்டு நிரல்களையும் அப்படியே கூட்டலாம். 4 + (−1) = 3, 18 + (−1.5) = 16.5. கழிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்கிற வேலை இல்லை, குறியே பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி: விடை சரியாக 4.5

இதைப் பார்த்ததும் நிறுத்துங்கள். குடைந்த பிறகும் மையம் அசையவே இல்லை என்று இந்த விடை சொல்கிறது. எடுத்த பகுதியின் மையமும் முழு உடலின் மையமும் ஒரே புள்ளியில் இருந்தால் மட்டுமே அப்படி நடக்கும்.

அதுவேதான் அட்டவணையில் நடந்திருக்கிறது. கூம்பின் தூரத்தை 3h/4 என்று எடுத்திருக்கிறீர்கள். 3 × 6/4 = 4.5. பெருக்கம் 4.5 ஆகி, (18 − 4.5)/3 = 4.5 வந்துவிட்டது.

3h/4 என்பது தவறான எண் இல்லை. அது கூம்பின் உச்சியிலிருந்து அளக்கிற தூரம். அட்டவணையில் மற்றத் தூரம் O இலிருந்து இருக்க, இதை மட்டும் உச்சியிலிருந்து எழுதியதுதான் பிரச்சினை. "கூம்புக்கு நாலில் மூன்று" என்று வாய்ப்பாடாகப் பாடமாக்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் எங்கிருந்து என்பது அந்த வாய்ப்பாட்டில் இல்லை.

சூத்திரத்தை மறந்தாலும் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூம்பு எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கம்தான் பாரம் கூட. இந்தக் குழியில் அகலமான பக்கம் முகத்தோடு, O இலேயே இருக்கிறது. ஆகவே குழியின் மையம் O க்குக் கிட்ட இருக்க வேண்டும். ஆழம் 6 இல் 4.5 என்பது உச்சிக்குக் கிட்ட, ஊசி போல் ஒடுங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே மையம் இருக்க வழியே இல்லை.

h இன் பெறுமானம் வேறாக இருந்தால் இந்தப் பிழை 4.5 ஐத் தராது. ஆழம் 8 என்றால் 3h/4 = 6 ஆகி, மையம் முகத்தை நோக்கி நகர்ந்தது போல 4.5 ஐ விடக் குறைந்த விடை வரும். குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் விடை ஜன்னலுக்குக் கீழே விழுந்தால் கூம்பின் தூரத்தைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: விடை 6.5

இது இரண்டு வழியில் வரும். ஒன்று பிழை, மற்றது சரி.

பிழையானது: பெருக்கங்களைக் கூட்டி, நிறைகளைக் கழித்தது. 19.5/3 = 6.5.

சரியானது: தூரங்களை O இலிருந்து இல்லாமல், வளைபரப்பின் உச்சியிலிருந்து அளந்தது. அரைக்கோளத்துக்கு 5r/8 = 7.5, கூம்புக்கு 12 − 1.5 = 10.5. அட்டவணை 4 × 7.5 − 10.5 = 19.5 என்று வந்து, 19.5/3 = 6.5. அதை O க்கு மாற்றினால் 12 − 6.5 = 5.5. முழுக்கச் சரியான வேலை. வினா O இலிருந்து கேட்டிருந்தால் கடைசி வரி ஒன்று மட்டும் பாக்கி.

இரண்டிலும் மேலே 19.5 கூட ஒன்றாக வருவது இந்த எண்களின் தற்செயல். ஆகவே 6.5 ஐ மட்டும் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது, தூர நிரலைப் பார்க்க வேண்டும். 4.5 உம் 1.5 உம் இருந்தால் குறிப் பிழை. 7.5 உம் 10.5 உம் இருந்தால் பிழை இல்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடைசி எண் 5.5 இல்லை என்று கோடு போட்டுவிட்டால் சரியாகச் செய்த பிள்ளையின் புள்ளி போய்விடும்.

அட்டவணையின் தலைப்பில் வெறுமனே "தூரம்" என்று எழுதாமல் "O இலிருந்து தூரம்" அல்லது "உச்சியிலிருந்து தூரம்" என்று எழுதினால் இந்தச் சிக்கலும் மேலே சொன்ன 3h/4 சிக்கலும் சேர்ந்தே போய்விடும்.

## அறிகுறி: விடை 6 ஐ விடப் பெரிது, 6.5 இல்லை

இப்போது அரைக்கோளத்தின் தூரத்தைச் சந்தேகியுங்கள். இந்த அட்டவணையில் அரைக்கோளத்தின் விகிதம் 4 என்பதால் அந்தக் கட்டத்தில் விட்ட சிறு பிழையும் பெருத்து வெளியே வரும்.

9.5 என்றால், அரைக்கோளத்துக்கு 5r/8 ஐ எழுதியிருக்கிறீர்கள், கூம்பை மட்டும் O இலிருந்து அளந்திருக்கிறீர்கள். அரைக்கோளத்தின் மையம் அச்சை 5:3 என்று பிரிக்கும்; பெரிய பங்கு வளைபரப்புப் பக்கம், சிறிய பங்கு முகத்தின் பக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆக்கிமிடீஸ் இதை இதே 5:3 என்ற வடிவில்தான் நிறுவினார். பாரம் முகத்தின் பக்கம் கூட என்பதால் மையமும் முகத்துக்குக் கிட்ட என்று நினைவு வைத்தால் 3 எங்கே, 5 எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை.

7.5 என்றால், r/2 ஐ எழுதியிருக்கிறீர்கள். அது பொள்ளான அரைக்கோள ஓட்டுக்கு உரியது. குழி என்ற சொல் வினாவில் இருப்பதால் சிலர் ஓட்டை நினைத்துவிடுகிறார்கள். வெறும் ஓடும் திண்மத்தில் குடைந்த குழியும் வேறு வேறு.

விடையில் π மிஞ்சியிருந்தால் சந்தேகமே வேண்டாம், 4r/(3π) ஐ எடுத்திருக்கிறீர்கள். அது அரைவட்டத் தகட்டுக்கு உரியது. படத்தில் அரைக்கோளத்தைப் பக்கவாட்டில் வரையும்போது அரைவட்டம் போலத் தெரிவதுதான் காரணம். கனவளவுகள் இரண்டிலும் π இருப்பதால் அது விகிதத்திலேயே வெட்டுப்பட்டிருக்க வேண்டும். திண்மக் கணக்கின் கடைசி வரியில் π க்கு வேலை இல்லை.

3r/8 மேல் உறுதி வேண்டுமானால் அதே துண்டுகளை வைத்து ஒரு வரியில் எடுத்துவிடலாம். zπ(r² − z²) ஐ 0 இலிருந்து r வரை தொகையிட்டால் πr⁴/4. அதை 2πr³/3 ஆல் வகுத்தால் 3r/8.

## அறிகுறி: ஜன்னலுக்குள் இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை

இதுதான் ஆபத்தான வகை. விடை நியாயமாகத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5.33 வந்தால் கூம்பின் தூரம் h/3 என்று எடுக்கப்பட்டிருக்கிறது: (18 − 2)/3. மூன்றில் ஒன்று என்பது முக்கோணத் தகட்டுக்கும் பொள்ளான கூம்பின் வளைபரப்புக்கும் உரியது. திண்மக் கூம்புக்கு நாலில் ஒன்று. சரியான 5.5 க்கு இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் கூம்பின் விகிதம் வெறும் 1 ஆக இருப்பது. அந்த வரிசையின் பிழை மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

4.93 வந்தால் கனவளவு நிரலைப் பாருங்கள். அரைக்கோளத்துக்கு (4/3)πr³ போட்டிருப்பீர்கள். விகிதம் 8:1 ஆகி, (36 − 1.5)/7 = 4.93 வரும். முழுக்கோளத்தின் கனவளவை அரைக்கோளத்தின் தூரத்தோடு பெருக்கியிருக்கிறீர்கள்.

இவற்றைப் பிடிக்க ஒரு இரண்டாம் வழி வேண்டும். முழு உடலின் மையம், எடுத்த பகுதியின் மையம், மீதியின் மையம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். முழு உடலின் மையம் மற்ற இரண்டுக்கும் நடுவில். குடைந்ததால் மையம் நகர்ந்த தூரம் இப்படி வரும்:

```
நகர்வு = (எடுத்தது / மீதி) × (இரு மையங்களுக்கு இடையே தூரம்)
       = (1/3) × (4.5 − 1.5) = 1
```

4.5 இலிருந்து 1 நகர்ந்தால் 5.5. பெருக்கம் நிரலைத் தொடாமலே விடை வந்துவிடுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: கனவளவையோ தூரத்தையோ பிழையாக வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் அதே பிழையான விடைதான் மறுபடி வரும். இது கணிப்புப் பிழையைப் பிடிக்கும், சூத்திரப் பிழையைப் பிடிக்காது. சூத்திரப் பிழைக்கு h = r என்று போட்டுப் பாருங்கள். மேலே துண்டுகளால் நிறுவினோமே, r/2, அது வரவேண்டும். நாலில் ஒன்றுக்குப் பதிலாக மூன்றில் ஒன்றைப் போட்டவருக்கு அங்கே 2 × 4.5 − 4 = 5 வரும், 6 வராது. பிழை உடனே வெளியாகிவிடும்.

## அறிகுறி: குழியின் அடி சிறியது, ஆனாலும் 5.5 வருகிறது

வினாவை மாற்றி, அடியின் ஆரை 6, ஆழம் அதே 6 என்று வைப்போம். இப்போது கூம்பின் கனவளவு (1/3)π × 36 × 6 = 72π. விகிதம் 1152:72, அதாவது 16:1. தூரங்கள் மாறவில்லை, ஏனென்றால் கூம்பின் மையம் அடியின் அகலத்தில் தங்கியில்லை. x = (72 − 1.5)/15 = 4.7.

மறுபடியும் 5.5 வந்திருந்தால், முன்னைய வினாவில் இருந்த 2r:h என்ற குறுக்குவழி விகிதத்தை இங்கேயும் எழுதியிருக்கிறீர்கள். r² இரண்டிலும் ஒன்றாக இருந்தபோது வெட்டலாம். அடி வேறானால் வெட்டக்கூடாது. அடியின் ஆரை பாதியானால் கூம்பின் கனவளவு நாலில் ஒன்றாகும்; நகர்வும் 1 இலிருந்து 0.2 ஆகச் சுருங்கியிருக்கிறது.

## அறிகுறி: விடை சரி, ஆனால் G குழிக்குள் இருக்கிறது

குழியின் ஆழம் 6. G இருப்பது 5.5 இல். அதாவது உடலின் பொருள் இல்லாத வெற்றிடத்தில். இதைக் கண்டு பயந்து, சரியான விடையை அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

புவியீர்ப்பு மையம் பொருளுக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வளையத்தின் மையம் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. இந்த உடலில் அது எப்போது வெற்றிடத்துக்கு வரும் என்பதையும் கணக்கிடலாம்: x < h என்று போட்டுச் சுருக்கினால் 3h² − 8rh + 3r² < 0 வரும். அதன்படி h, r இன் 0.451 மடங்கைத் தாண்டினால் G குழிக்குள். ஆரை 12 க்கு அந்த எல்லை ஏறத்தாழ 5.42. நம்முடைய ஆழம் 6 என்பதால் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. ஆழம் 5 என்று வினா இருந்திருந்தால் G பொருளுக்குள் இருந்திருக்கும், யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

## அறிகுறி: 24.6 பாகைக்குப் பதில் 65.4 பாகை

இந்த வினாக்களின் இரண்டாம் பகுதி பெரும்பாலும், உடலை விளிம்பில் உள்ள A என்ற புள்ளியில் இழையால் கட்டித் தொங்கவிடுவது. சமநிலையில் G, A க்கு நேர் கீழே, நிலைக்குத்துக் கோட்டில் வரும். AOG ஒரு செங்கோண முக்கோணம்; OA = 12, OG = 5.5.

தளமுகம் நிலைக்குத்தோடு ஆக்கும் கோணம் θ என்றால் tan θ = 5.5/12, θ = 24.6 பாகை. சமச்சீர் அச்சு நிலைக்குத்தோடு ஆக்கும் கோணம் என்றால் tan இன் பெறுமானம் 12/5.5, கோணம் 65.4 பாகை. இரண்டும் கூட்டினால் 90. ஆகவே உங்கள் விடையும் விடைத்தாளில் உள்ள விடையும் கூட்டி 90 வந்தால் அட்டவணையில் பிழை தேட வேண்டாம். வினா முகத்தைக் கேட்டதா, அச்சைக் கேட்டதா என்று மறுபடி வாசியுங்கள்.

கூட்டி 90 வரவில்லை என்றால் பிழை x இல்தான். அதற்கும் ஜன்னல் உண்டு. குழி இல்லாத அரைக்கோளம் தொங்கும்போது முகம் நிலைக்குத்தோடு ஆக்குவது tan θ = 3/8, அதாவது 20.6 பாகை. அதிகபட்சக் குழிக்கு tan θ = 1/2, அதாவது 26.6 பாகை. முகத்தின் கோணம் இந்த இரண்டுக்கும் இடையில் வராவிட்டால் முக்கோணத்தைத் தொடாமல் நேரே அட்டவணைக்குத் திரும்புங்கள்.